முதல் நைட் டியூட்டிக் கதை எழுதுவது எப்படி: யாரை முதலில் பார்ப்பது என்பது மனதில் நிற்க

நர்சிங் மாணவிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏ, பி, சி, டி, ஈ வரிசையைச் சொல்லிவிடுவார்கள். மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாகத் துணியை விலக்கி உடம்பைப் பார்ப்பது. அதே பிள்ளைகளை ராத்திரி பதினொன்றேகாலுக்கு மூன்று பேர் ஒன்றாகக் கூப்பிட்டால், யார் குரல் பெரிதோ அந்தப் பக்கம் ஓடுவார்கள்.

பெங்களூரில் நான் இருக்கும் சர்ஜிக்கல் வார்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, முதல் நைட்டுக்கு முந்தின நாள் ஒரு பத்து நிமிடக் கதை வாசிக்கிறேன். கதையில் வரும் ஆட்கள் எல்லாம் கற்பனை. அதை ஐந்து தடவை திருத்தினேன். என்னைப் பார்த்துத் தங்கள் வார்டுக்கு எழுதிய ஜூனியர் ஸ்டாஃப்களும் நான் தடுக்கிய இடங்களிலேயே தடுக்கினார்கள். நீங்களும் எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

## 1. பேனாவை எடுக்கும் முன்: ஒரு தவறு, ஒரு நோயாளி

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஒரு தவறைத் தடுக்க இந்தக் கதை என்பது. என் கதைக்கு அது "சத்தத்துக்குப் பின்னால் ஓடுவது". ஊசி மாற்றிப் போடுவது, கை கழுவாதது, கேஸ் ஷீட்டில் எழுத மறப்பது எல்லாம் வேறு கதைகள். அவற்றையும் உள்ளே விட்டால், கேட்கிற பிள்ளை எதையும் எடுத்துக்கொண்டு போகாது.

அடுத்து, அந்தத் தவறால் உயிருக்கே ஆபத்து வரும் நோயாளி ஒருவர் வேண்டும். நான் எடுத்தது தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்த பெண்மணி. காரணம் இருக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால், கழுத்துக்குள் அழுத்தம் ஏறி, சுற்றியுள்ள திசுக்கள் வீங்கி, மூச்சுப் பாதை குறுகும். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரங்களில் நடக்கும். பகலில் ஆபரேஷன் செய்தவருக்கு அந்த நேரம் நைட் டியூட்டியில்தான் வந்து விழும். முக்கியமாக, மூச்சுப் பாதை அடைபடுகிறவரால் சத்தம் போட முடியாது. கதைக்கு வேண்டிய முரண் அந்த நோயிலேயே இருக்கிறது. நாம் கற்பித்துச் சேர்க்க வேண்டியதில்லை.

உங்கள் வார்டின் நடைமுறைத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவி எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதில்தான் இருக்கும். கதையில் ஒரு மாணவி தானாக ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றினால், கேட்டவர்களில் ஒருத்தி நாளைக்கு அதைச் செய்து பார்ப்பாள்.

## 2. நான்கு பெட் போதும்

எங்கள் வார்டில் இருபதுக்கு மேல் பெட் உண்டு. முதல் தடவை எழுதியபோது ஏழு நோயாளிகளை வைத்தேன். வாசித்து முடித்ததும் பிள்ளைகளுக்கு யார் யார் என்றே தெரியவில்லை. நான்காகக் குறைத்தேன். ஒவ்வொருவரும் வரிசையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெட் 3, குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவர், வலி என்று கத்துகிறார். பெட் 4, மஞ்சுளா, தைராய்டு. பெட் 5, ட்ரிப் பாட்டில் தீர்ந்துவிட்டது என்று கூட இருக்கும் பையன் ஓடி வருகிறான். பெட் 7, சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர். இரவு இன்சுலின் போட்டாகிவிட்டது, சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் கூப்பிடவே மாட்டார்.

சத்தத்தின்படி அடுக்கினால் 3, 5, 4, 7. ஆபத்தின்படி அடுக்கினால் 4, 7, 3, 5. இரண்டு வரிசையும் இப்படி முட்டிக்கொள்ளாவிட்டால் கதை தேவையில்லை, கரும்பலகையில் எழுதிப் போட்டாலே போதும்.

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே ஒரு தப்பு செய்வார்கள். கத்துகிறவரைப் பொய் வலிக்காரராக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் "கத்துறவங்க எல்லாம் சும்மா கத்துறாங்க" என்று படித்துக்கொண்டு போவார்கள். பெட் 3-இல் இருப்பவருக்கு நிஜமாகவே ஒரு பிரச்சினை இருக்கட்டும். அது காத்திருக்கக்கூடிய பிரச்சினையாக இருந்தால் போதும்.

## 3. ஓவர் காட்சியில் விதை போடுங்கள்

பகல் ஷிப்ட், நைட் ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும் இடத்தில் கதை தொடங்கட்டும். பின்னால் வெடிக்கப் போவது எல்லாம் அங்கே சாதாரண வார்த்தையாக வந்து போக வேண்டும். ஓவரைக் கவனமாகக் கேட்டிருந்தால் பாதி விடை கையில் இருந்திருக்கும் என்பது கேட்பவருக்குப் பிறகு உறைக்க வேண்டும்.

> "நாலு, தைராய்டு, நாலு மணிக்கு தியேட்டர்ல இருந்து வந்தாங்க. ட்ரெயின் முப்பது எம்.எல். பெட் ஏழு, எட்டு மணிக்கு இன்சுலின் ஆச்சு, சாப்பாடு இன்னும் அப்படியே இருக்கு, சாப்பிட வைக்கணும்." மாணவி செல்வி எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஒன்பது மணிக்குக் கை கழுவியபோது பாதி அழிந்து போனது.

அந்த உள்ளங்கை வரி என் சொந்த அனுபவம். இன்னும் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால் அந்த இடத்தில் சிரிப்பு வரும். சிரித்த இடம் மறக்காது.

இன்னொரு விதையும் வேண்டும். ஒன்பது மணிச் சுற்றில் செல்வி தனக்குத் தெரிந்த ஒரே கன்னட வாக்கியத்தை ஒவ்வொரு பெட்டாகக் கேட்டுக்கொண்டு போகிறாள்: "நிம்ம ஹெசரு ஏனு?" உங்கள் பெயர் என்ன. பெட் 4 சிரித்துக்கொண்டே தெளிவாகச் சொல்கிறார்: "மஞ்சுளா." அவ்வளவுதான். கதை இதைப் பெரிதுபடுத்தாமல் நகர்ந்துவிட வேண்டும்.

## 4. எல்லாரையும் இரண்டே நிமிடத்தில் கூப்பிட வையுங்கள்

பத்து மணிக்கு ஒருவர், ஒரு மணிக்கு ஒருவர் என்று பிரித்து வைத்தால் மாணவி யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது. வரிசையாகப் பார்த்துவிடுவாள். ஆகவே நேரத்தை நெருக்குங்கள்.

> 11.18. பெட் 5 பையன் ஓடி வந்தான். "சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு! காத்து ஏறிடும், சீக்கிரம் வாங்க!" 11.19. பெட் 3-இலிருந்து, "இங்க ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கேன், யாராவது இருக்கீங்களா?" சீனியர் ஸ்டாஃப் லதா அக்கா வார்டின் மறுகோடியில் டிரெஸ்ஸிங்கில் இருந்தாள். இன்னொரு ஸ்டாஃப் தியேட்டருக்கு நோயாளியைக் கூட்டிவரப் போயிருந்தாள்.

பாட்டில் விஷயத்தில் மாணவிகளுக்கும் அந்தப் பையன் அளவுக்கே பயம் உண்டு. மேலே தொங்கவிட்டு வடியும் சாதாரண ட்ரிப்பில் பாட்டில் தீர்ந்தால், நீர்மட்டம் குழாயில் ஓரளவு இறங்கி நின்றுவிடும். ரத்தம் கொஞ்சம் பின்னேறி ஊசி அடைத்துக்கொள்ளலாம். அது தொல்லைதான், ஆனால் உயிர் ஆபத்து இல்லை. போகிற வழியில் ரெகுலேட்டரைத் திருகி மூட ஐந்து விநாடி ஆகும். கதையில் செல்வி அப்படியே மூடிவிட்டு நடக்கிறாள். வரிசை என்பது யாரை முதலில் பார்ப்பது, யாரிடம் நிற்பது என்பதைச் சொல்கிறது. கைக்கு எட்டும் ஐந்து விநாடி வேலையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. இது தெரியாமல் சில பிள்ளைகள் வரிசையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பார்கள்.

## 5. ஆபத்து மெதுவாகப் பேசட்டும்

கதையின் உயிர் இந்த இடம். நான் அதிகமாக அடித்துத் திருத்தியதும் இதைத்தான்.

> 11.20. பெட் 3-ஐ நோக்கிப் போகும் வழியில் மஞ்சுளா அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். படுக்கையிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். "குத்திகெ... பிகியாகிதெ."

செல்வி தேனிப் பக்கத்துப் பிள்ளை. அவள் காதில் விழுந்தது "குத்து". தையல் போட்ட இடம் குத்துகிறது போல, வலி மாத்திரை கேட்டுச் சொல்லலாம் என்று நினைக்கிறாள். கன்னடத்தில் குத்திகெ என்றால் கழுத்து, பிகி என்றால் இறுக்கம். கழுத்து இறுக்குகிறது என்கிறார் அந்த அம்மா. வலி என்று எடுத்துக்கொண்டால் அவர் பெட் 3-க்குப் பின்னால் வரிசையில் போய்விடுவார். அத்தோடு டிரமடால் போன்ற மயக்கம் தரும் வலி மருந்தும் போட்டுவிட்டால், அவர் அடங்கிப் படுப்பதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

முதலில் நான் எழுதியதில் ஆயம்மா அந்தப் பக்கமாக வந்து மொழிபெயர்த்துச் சொல்லிக் காப்பாற்றினார். வாசித்துவிட்டு "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "ஆயம்மாவப் பக்கத்துலயே வச்சுக்கணும் சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. தப்பு அவளுடையது இல்லை. என் கதையில் அதிர்ஷ்டம்தான் வேலை செய்தது, மாணவி எதையும் செய்யவில்லை. திரும்ப எழுதினேன்.

> என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைக் கேட்டாள். "நிம்ம ஹெசரு ஏனு?" "மஞ்..." ஒரு மூச்சு. "...சுளா." ஒன்பது மணிக்குக் கேட்ட குரல் இல்லை அது. கரகரவென்று, துணிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அவர் கை தையலைத் தொட்டுக் காட்டவில்லை. கழுத்தை முழுதாகப் பிடித்திருந்தது.

மூச்சுப் பாதையை ஒரு விநாடியில் பார்க்கும் வழி, நோயாளியைப் பேச வைப்பது. தெளிவான குரலில் முழு வாக்கியம் வந்தால், அந்த நொடிக்குப் பாதை திறந்திருக்கிறது. குரல் மாறினாலோ வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாலோ வேறு எங்கும் போகக்கூடாது. மொழி தெரியாத ஊரிலும் பெயரைக் கேட்க முடியும், குரலைக் கேட்க முடியும்.

இரண்டு எண்களையும் இங்கே வையுங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 97. நிமிடத்துக்கு மூச்சு 26. பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. பிள்ளைகள் 97-ஐப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். பாதை குறுகும்போது உடம்பு வேகமாக மூச்சு இழுத்துச் சமாளிக்கும், ஆக்ஸிஜன் அளவு கடைசியில்தான் விழும். விழும்போது மளமளவென்று விழும். ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ரத்தத்தை வெளியே வடிக்கும் ட்ரெயின் குழாயும் அப்படித்தான். செல்வி பாட்டிலைப் பார்க்கிறாள், அதே முப்பது எம்.எல். கூடவில்லையே என்று தோன்றும். குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் ஒரு சொட்டுகூட வராது, எல்லாம் உள்ளேயே தேங்கும்.

## 6. கைகள் என்ன செய்தன என்று எழுதுங்கள்

"செல்வி உடனே செயல்பட்டாள்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் உதவாத வரி அதுதான். என்ன செய்தாள், எந்த வரிசையில், யார் செய்தது என்பது வேண்டும்.

செல்வி நகரவில்லை. அங்கிருந்தே குரல் கொடுக்கிறாள்: "லதாக்கா, பெட் நாலு, தைராய்டு, குரல் மாறிடுச்சு, மூச்சு இருபத்தாறு, இப்பவே வாங்க!" இந்த வரியை நான் எண்ணி எண்ணி எழுதினேன். யார், என்ன ஆபரேஷன், என்ன மாறியது, என்ன வேண்டும். "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிட்டால் டிரெஸ்ஸிங்கை முடித்துவிட்டு வருவார்.

அதற்குள் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைக்கிறாள், மாஸ்க்கில் ஆக்ஸிஜன் வைக்கிறாள். தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை. திரும்பத் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கலாம். படுக்க வைக்கவில்லை, பதற்றமாக இருக்கிறார் என்று அடக்கப் பார்க்கவும் இல்லை. மூச்சு முட்டுகிறவர் பதறத்தான் செய்வார்.

லதா வந்து டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்க்கிறாள். கழுத்து ஒரு பக்கம் கல் மாதிரி புடைத்திருக்கிறது. சர்ஜனுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் போன் போகிறது. பெட் தலைமாட்டில் தையல் பிரிக்கும் செட் இருக்கிறது. தைராய்டு கேஸ் வரும்போதே அதை வைத்தாக வேண்டும். டியூட்டி டாக்டர் ஓடி வந்து அங்கேயே தையலைத் திறந்து ரத்தக்கட்டியை வெளியே எடுக்கிறார், பிறகு தியேட்டர். திறந்தது டாக்டர், மாணவி அல்ல. இதை ஒரு வரியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

## 7. பெட் 7-ஐ மறந்துவிடாதீர்கள்

பெரிய காட்சி முடிந்ததும் எழுதுகிறவருக்குக் களைப்பு வரும். வார்டில் மாணவிக்கும் இதே இடத்தில்தான் களைப்பு வரும். பெட் 7 நழுவுவது இங்கேதான்.

> 11.24. "நான் இருக்கேன் இங்க. நீ ஏழைப் பாரு, சாப்பிட்டாரான்னே தெரியல," என்றாள் லதா அக்கா. இருட்டில் பெரியவர் தூங்குவது போல இருந்தார். நெற்றியைத் தொட்டால் கை வழுக்கியது, தலையணை உறை நனைந்திருந்தது. "ஐயா, எங்க இருக்கீங்க?" "பஸ்ஸு... பஸ் இன்னும் வரலை."

வார்டு குளிர்ந்து கிடக்கும்போது வியர்வையும், ஒட்டாத பதிலும். இன்சுலின் எட்டு மணிக்கு, தட்டு அப்படியே மூடியிருக்கிறது. குளுக்கோமீட்டரில் 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே குறைவு, இது அதற்கும் கீழே. உட்கார்ந்து விழுங்க முடிகிறது என்று பார்த்த பிறகு, லதாவிடம் எண்ணைக் கத்திச் சொல்லிவிட்டு, சுமார் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுக்கிறாள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறாள், 82. அதன்பின் சாப்பிட வைக்கிறாள். விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி அதுவே மூச்சுப் பாதைப் பிரச்சினையாகிவிடும். அப்போது டாக்டர் சொல்படி நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் போக வேண்டும்.

தைராய்டு கேஸில் கால்சியம் இறங்கிக் கை இழுப்பதையும் சேர்க்கலாமே என்று ஒரு ஸ்டாஃப் கேட்டாள். அது பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருவது. இந்த இரவுக்குள் அதைத் திணித்தால் நேரக் கணக்கே குழம்பிவிடும்.

## 8. கடைசிக் காட்சிக்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்

முடிவை எழுதுவதற்கு முன்னால் நான்கைந்து பிள்ளைகளிடம் வாசியுங்கள். 11.20-இல், மஞ்சுளா கோட்டைப் பிடித்து இழுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப எங்க போவீங்க?" என்று கேளுங்கள். தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் முதலில் சொல்கிறவள் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

எல்லாரும் பெட் 4 என்று எழுதினால் நீங்கள் ஓவர் காட்சியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள், தைராய்டை அழுத்திச் சொன்ன வரியைக் குறையுங்கள். ஒருத்திகூட எழுதாவிட்டால் குரல் விதை சரியாக விழவில்லை.

முடிவை நான் வைத்திருந்த விதம் இப்படித்தான் மாறியது. முதலில் விடிகாலையில் மஞ்சுளா கண் திறந்து செல்வியைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தது. வாசித்துக் காட்டியபோது ஒரு பிள்ளை கேட்டாள், "சிஸ்டர், அந்த மூணாம் பெட்காரர் அதுக்குள்ள திட்ட மாட்டாரா?" திட்டுவார்தான். நான் அவரை அப்படியே விட்டுவிட்டிருந்தேன்.

> 11.50-க்குத்தான் செல்வி பெட் 3-க்குப் போனாள். அடிவயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை. டாக்டர் சொல்லி லதா டியூப் போட்டதும் அறுநூறு எம்.எல். வந்தது. வலி நின்றது, கோபம் நிற்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் சர்ஜனிடம் சொன்னார்: "ராத்திரி அரை மணி நேரம் கத்தினேன் சார். இந்தப் பொண்ணு என்னைத் தாண்டித் தாண்டிப் போச்சு, திரும்பிக்கூடப் பார்க்கலை."

செல்வி பதில் சொல்லவில்லை. பெட் 4 காலியாக இருந்தது, மஞ்சுளா ஐ.சி.யூ.வில் இருந்தார். ஓவர் கொடுக்க நோட்டை எடுத்தாள். இந்தத் தடவை தாளில் எழுதியிருந்தாள்.